உரிமம் ரத்தான ஒரு விதைக்கடை: இயற்கை நீதிச் சிக்கலைப் படிப்படியாக அவிழ்க்கும் வழிகாட்டி

நிர்வாகச் சட்டத் தேர்வில் இயற்கை நீதி வினா வராத ஆண்டே இல்லை எனலாம். நீதிமன்றத்திலும் ரிட் மனுக்களில் பாதி இடத்தில் இந்த வாதம் தலைகாட்டும். ஆனாலும் பெரும்பாலான விடைகளும் மனுக்களும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. "தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது", "எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது" என்ற இரண்டு விதிகளையும் ஒன்றாகக் குழைத்து, "இயற்கை நீதி மீறப்பட்டது, ஆகவே ஆணை செல்லாது" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு கேள்விகள். முதல் விதி, தீர்மானிக்க உட்கார்ந்தவர் யார் என்று பார்க்கிறது. இரண்டாவது விதி, பாதிக்கப்பட்டவருக்கு எது மறுக்கப்பட்டது, அது கிடைத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பார்க்கிறது. எதை நிரூபிக்க வேண்டும் என்பது இரண்டிலும் வேறு. மீறலின் விளைவும் வேறு. இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் சட்டத்தை வைத்து, ஒரு கற்பனை வழக்கைக் கடைசி வரை கொண்டுபோய் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறேன்.

வழக்கின் நிகழ்வுகள்

ஒருவர் விதை விற்பனை உரிமம் பெற்றுக் கடை நடத்துகிறார். நிபந்தனைகளை மீறினால் உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றும், அதற்கு முன் "கேட்கப்பட வாய்ப்பு" தர வேண்டும் என்றும் சட்டம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மேல்முறையீடு துறை இயக்குநரிடம்.

ஜூன் 3 அன்று அந்த அதிகாரியே கடைக்கு வந்து நெல் விதை மூட்டையிலிருந்து மாதிரி எடுக்கிறார். ஜூன் 20 அன்று ஆய்வக அறிக்கை வருகிறது: முளைப்புத்திறன் 80 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 61 தான். ஜூன் 24 அன்று நோட்டீஸ்: "தாங்கள் உரிம நிபந்தனைகளை மீறியுள்ளீர்கள். சட்டப்படி ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என 3 நாட்களுக்குள் விளக்கம் தரவும்." கடைக்காரர் ஆய்வக அறிக்கையின் நகல் கேட்கிறார், தரப்படவில்லை. "என் விதை தரமானது, மாதிரி எடுத்த முறையே தவறு, ஏற்கெனவே பிரித்துவைத்திருந்த மூட்டையிலிருந்து எடுத்தார்கள்" என்று ஜூன் 26 அன்று எழுதிக் கொடுக்கிறார். ஜூலை 2 அன்று துணை அதிகாரி அவரை நேரில் விசாரித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறார். ஜூலை 9 அன்று உரிமம் வழங்கும் அதிகாரி ஆணையிடுகிறார்: "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை. உரிமம் ரத்து. 5 ஆண்டுகளுக்குப் புதிய உரிமம் வழங்கப்படாது."

மேல்முறையீட்டில்தான் ஆய்வக அறிக்கை கடைக்காரர் கைக்கு வருகிறது. அதிலுள்ள விதைக்குவியல் எண் அவர் கடையில் எடுத்த மாதிரியின் ரசீதில் உள்ள எண்ணே அல்ல. முதலில் புகார் கொடுத்த போட்டிக் கடைக்காரர் உரிமம் வழங்கும் அதிகாரியின் மைத்துனர் என்பதும் அப்போதுதான் தெரிய வருகிறது. இயக்குநர் விரிவாக விசாரித்து, "அறிக்கையை இப்போது காட்டிவிட்டோம், வாய்ப்பும் கொடுத்துவிட்டோம்" என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்கிறார்.

முதல் படி: நாள் வரிசையும் ஆள் வரிசையும்

சட்டத்தைத் தொடும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் நாள், மற்றொன்றில் அந்த நாளில் யார் எந்த வேடத்தில் இருந்தார் என்பது. புகார் கொடுத்தவர், சோதனை செய்தவர், நோட்டீஸ் அனுப்பியவர், விசாரித்தவர், ஆணையிட்டவர், மேல்முறையீடு கேட்டவர் என்று ஆறு வேடங்கள். நம் வழக்கில் சோதனை, நோட்டீஸ், ஆணை ஆகிய மூன்றிலும் ஒரே அதிகாரி வருகிறார். விசாரித்தவர் மட்டும் வேறு. பாரபட்சத்தின் தடயமெல்லாம் ஆள் வரிசையில் கிடைக்கும். கேட்கப்படும் உரிமையின் ஓட்டைகள் நாள் வரிசையில் தெரியும்: அறிக்கை வந்தது ஜூன் 20, கைக்குக் கிடைத்தது ஆணைக்குப் பிறகு. இந்தத் தாள் இல்லாமல் எழுதத் தொடங்குபவர்கள் துணை அதிகாரி விசாரித்ததையே கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: கடமை இருக்கிறதா?

இதில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். நிர்வாகச் செயல் வேறு, நீதிமன்றச் சாயல் கொண்ட செயல் வேறு, இயற்கை நீதி பின்னதற்கு மட்டுமே என்ற பழைய பிரிவினை 1969இல் ஏ.கே. கிரைபக் வழக்கோடு பெருமளவு கரைந்துவிட்டது. ஒருவரின் உரிமையையோ பிழைப்பையோ பாதிக்கும் முடிவு என்றால் கடமை உண்டு. சட்டம் வாய் திறக்காத இடத்திலும் உண்டு. 1967இல் பினாபாணி தேய் வழக்கில், பிறந்த தேதியை மாற்றிக் கணக்கிட்டு அரசு மருத்துவர் ஒருவரை ஓய்வுபெறச் செய்த நிர்வாக ஆணைக்கே அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் வழக்கில் சட்டமே "கேட்கப்பட வாய்ப்பு" என்கிறது. இரண்டு வரியில் முடித்துவிட்டு நகருங்கள்.

மூன்றாம் படி: உட்கார்ந்தவர் யார்?

பாரபட்சத்தை எப்போதும் முதலில் ஆராயுங்கள். அது நிலைத்தால், அந்த அதிகாரி அளித்த விசாரணை எவ்வளவு முழுமையாக இருந்தாலும் ஆணை நிற்காது.

பண ஆர்வம் இருந்தால் வேலை சுலபம். 1852இல் டைம்ஸ் வழக்கில், ஒரு கால்வாய் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்த லார்டு சான்சலர் காட்டன்ஹாம், அந்த நிறுவனத்துக்குச் சாதகமாகப் பிறப்பித்த ஆணையை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ரத்து செய்தது. அவர் மனதில் கறை இருந்ததாக யாரும் நினைக்கவில்லை. பங்கு இருந்தது, அது போதும். நம் அதிகாரிக்கு நேரடிப் பண ஆர்வம் இல்லை. மைத்துனரின் வியாபாரம் அவருடையது ஆகாது. ஆகவே அந்தத் தானியங்கித் தகுதியிழப்பைக் கோராதீர்கள். எழுதத் தூண்டும் வாதம்தான், ஆனால் தவறான வாதம்.

உறவு, பகை, முன்முடிவு போன்றவற்றுக்கு வேறு அளவுகோல். கிரைபக் வழக்கையே பாருங்கள். இந்திய வனப் பணித் தேர்வுக் குழுவில் உட்கார்ந்த தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலர் தாமே ஒரு போட்டியாளர். தம் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது அவர் குழுவில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது இருந்தார். தேர்வு ரத்தானது. ஒருவர் மனதில் உண்மையில் பாரபட்சம் இருந்ததா என்று நிரூபிப்பது கடினம். அவர் பாரபட்சமாக இருந்திருக்கக் கூடும் என்று நம்ப நியாயமான காரணம் உண்டா என்று பார்த்தாலே போதும் என்றது நீதிமன்றம். 1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கு இதை இன்னும் கூர்மையாக்கியது. எந்த மேலதிகாரி மீது ராணுவ வீரர் புகார் எழுதினாரோ, அவரே ராணுவ நீதிமன்றத்தில் அமர்ந்தார். தீர்மானிப்பவர் தம் மனதைப் பார்த்து "நான் நடுநிலையானவன்தானே" என்று கேட்பது சரியல்ல, எதிரே நிற்பவரின் மனதைப் பார்க்க வேண்டும் என்பது அதில் வந்த விளக்கம்.

இந்த அளவுகோலை மைத்துனர் மீது வையுங்கள். நெருங்கிய உறவு, உறவினர் வெறும் சாட்சி அல்ல, புகார்தாரர், புகார் வென்றால் அவருடைய கடைக்குப் போட்டி ஒழியும். மூன்றும் சேரும்போது நியாயமான அச்சம் எழுகிறது. மூன்றையும் எழுதுங்கள். "உறவினர், ஆகவே பாரபட்சம்" என்று ஒரே வரியில் தாண்டினால் வாதம் மெலிந்துபோகும்.

அடுத்தது, சோதனை செய்தவரே தீர்மானிக்கலாமா? இங்கே அவசரம் வேண்டாம். பல சட்டங்கள் ஒரே அதிகாரியிடமே இரண்டையும் ஒப்படைக்கின்றன. அந்தக் கலப்பு மட்டுமே ஆணையைக் கவிழ்க்காது. கேட்க வேண்டியது இதுதான்: அவர் நேரில் கண்ட ஒன்றே சர்ச்சைக்கு உரியதா? 1958இல் முகமது நூஹ் வழக்கில் துறை விசாரணை நடத்திய அதிகாரி, சாட்சி ஒருவர் பிறழ்ந்ததும், தாமே சாட்சியம் அளித்துவிட்டு மீண்டும் நாற்காலியில் அமர்ந்து முடிவெடுத்தார். தம் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைத் தாமே எடைபோட்டது இயற்கை நீதிக்கு முரணானது என்றது உச்ச நீதிமன்றம். நம் கடைக்காரர் ஜூன் 26 விளக்கத்தில் "பிரித்த மூட்டையிலிருந்து எடுத்தார்கள்" என்று எழுதிய நொடியில் மாதிரி எடுத்த அதிகாரி ஒரு சாட்சியாகிவிட்டார். அதன் பிறகும் அவரே ஆணையிட்டது முகமது நூஹ் வழக்கின் நிழலில் வருகிறது. கடைக்காரர் மாதிரி எடுத்த முறையை ஏற்றுக்கொண்டு, முளைப்பு குறைந்ததற்கு வேறு காரணம் சொல்லியிருந்தால் இந்த வாதம் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்கும்.

பாரபட்சம் என்றதும் அரசுத் தரப்பு இரண்டு கேடயங்களை எடுக்கும். ஒன்று, ஆட்சேபத்தைக் கைவிட்டது. 1957இல் மாணக் லால் வழக்கில், ஒரு வழக்கறிஞர் மீதான ஒழுங்கு விசாரணைக் குழுவின் தலைவர் முன்பு புகார்தாரருக்காக ஆஜரானவர். பாரபட்ச அச்சம் நியாயமானதே என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் வழக்கறிஞர் அதைத் தெரிந்தும் உரிய நேரத்தில் எழுப்பாமல், பாதகமான அறிக்கை வந்த பிறகு எழுப்பினார் என்பதால் வாதம் தோற்றது. நம் கடைக்காரருக்கு மைத்துனர் உறவு ஆணைக்குப் பிறகே தெரிந்தது, கேடயம் உதவாது. ஆனால் சோதனை செய்தவரே தீர்மானிப்பவர் என்பது அவருக்கு ஜூன் 3 முதலே தெரியும். அந்த ஆட்சேபத்தை அவர் ஜூலை 2 விசாரணையில் எழுப்பவில்லை என்றால் அரசுத் தரப்புக்கு அங்கே பிடி கிடைக்கிறது. ஆகவே இரண்டு பாரபட்ச வாதங்களில் உறவு வாதத்தை முன்னே வையுங்கள்.

இரண்டாவது கேடயம் தவிர்க்கமுடியாமை: முடிவெடுக்க வேறு யாருக்கும் சட்டப்படி அதிகாரம் இல்லை என்றால் தகுதியிழந்தவரும் அமரலாம். 1996இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜெயலலிதா சட்டமன்ற உறுப்பினராக நீடிக்கத் தகுதி இழந்தாரா என்பது பற்றித் தேர்தல் ஆணையம் ஆளுநருக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் மீது பாரபட்ச ஆட்சேபம். அவர் ஒதுங்கியிருக்க மற்ற இரு ஆணையர்கள் முடிவெடுக்கட்டும். அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் மட்டும் தலைமை ஆணையர் தவிர்க்கமுடியாமையால் பங்கேற்கலாம் என்றது நீதிமன்றம். மாற்று வழி தீர்ந்த பிறகே அந்தக் கோட்பாடு என்பது இதிலிருந்து தெளிவு. நம் வழக்கில் அதே பதவியில் வேறொரு அதிகாரிக்குக் கோப்பை மாற்றச் சட்டம் இடம் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் கேடயம் உடைகிறது.

நான்காம் படி: எது மறுக்கப்பட்டது?

நோட்டீஸிலிருந்து தொடங்குங்கள். என்ன குற்றச்சாட்டு, எதன் அடிப்படையில், என்ன தண்டனை உத்தேசம் என்று மூன்றும் அதில் தெரிய வேண்டும். நம் நோட்டீஸில் மூன்றுமே இல்லை. எந்த நிபந்தனை என்று சொல்லவில்லை, ஆய்வக அறிக்கையைக் குறிப்பிடவே இல்லை. தண்டனை விஷயத்தில் 2014இல் வந்த கோர்க்கா செக்யூரிட்டி வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரரைக் கரும்பட்டியலில் சேர்க்கும் உத்தேசம் இருந்தால் நோட்டீஸ் அதைச் சொல்ல வேண்டும், குறைந்தது நோட்டீஸைப் படித்தாலே அது தெளிவாகப் புலப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். "ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்பதில் 5 ஆண்டுத் தடை எங்கும் புலப்படவில்லை. ரத்துக்குப் பதில் சொல்பவரும் 5 ஆண்டுத் தொழில்முடக்கத்துக்குப் பதில் சொல்பவரும் ஒரே விளக்கத்தை எழுத மாட்டார்கள்.

3 நாள் அவகாசம் போதாது என்பது தனியாக நிற்கிற வாதம் அல்ல. அவர் இரண்டே நாளில் பதில் கொடுத்துவிட்டார், கூடுதல் அவகாசமும் கேட்கவில்லை. அறிக்கை இல்லாமல் எழுத வேண்டியிருந்தது என்ற வாதத்துக்குத் துணையாக மட்டும் அதை வையுங்கள்.

அந்த அறிக்கைதான் உயிர்நாடி. தீர்மானிப்பவர் நம்பிய ஆவணம் பாதிக்கப்படுபவர் கையில் இல்லாமல் விசாரணை நடந்தது. குவியல் எண் பொருந்தவில்லை என்று அவரால் ஜூலை 2 அன்று சொல்ல முடியாமல் போனது அதனால்தான். ஆய்வகப் பகுப்பாய்வாளரைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்றும் சிலர் சேர்த்து எழுதுவார்கள். அவர் அதைக் கேட்கவே இல்லை. குறுக்கு விசாரணை எல்லா நிர்வாக விசாரணையிலும் தானாக வரும் உரிமையும் அல்ல. விட்டுவிடுங்கள்.

கேட்டவர் ஒருவர், தீர்மானித்தவர் வேறொருவர். 1959இல் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கில் போக்குவரத்துத் துறைச் செயலர் ஆட்சேபங்களைக் கேட்டார், முதலமைச்சர் முடிவெடுத்தார். இப்படிப் பிரிப்பது விசாரணையை வெறும் சடங்காக்கிவிடும் என்றது நீதிமன்றம். ஆனால் 1915இன் ஆர்லிட்ஜ் வழக்கு மறுபக்கம் நிற்கிறது: துறை என்ற அமைப்பே முடிவெடுக்கும்போது ஒருவர் கேட்டுப் பதிவு செய்ய மற்றவர் முடிவெடுக்கலாம் என்று பிரபுக்கள் சபை ஏற்றது. இரண்டுக்கும் நடுவே நம் வழக்கை வைக்க, துணை அதிகாரியின் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரின் மாதிரி ஆட்சேபம் அதில் முழுமையாகப் பதிவாகி அது ஆணையிட்டவருக்குப் போயிருந்தால் வாதம் வலுவிழக்கும். ஒரு பக்கக் குறிப்பில் "விளக்கம் அளித்தார்" என்று மட்டும் இருந்தால் குல்லப்பள்ளி பொருந்தும்.

காரணம் சொல்லாமை பற்றி: "ஏற்கத்தக்கதாக இல்லை" என்பது முடிவு, காரணம் அல்ல. மேல்முறையீட்டிலோ நீதிமன்றப் பிரமாணப் பத்திரத்திலோ அதிகாரி புதிய காரணங்களைச் சேர்க்க முனைந்தால் மொகிந்தர் சிங் கில் வழக்கைக் காட்டுங்கள். ஆணை அதில் எழுதியுள்ள காரணங்களாலேயே நிற்கவோ விழவோ வேண்டும்.

ஐந்தாம் படி: பாதிப்பு

இரண்டு விதிகளும் பிரியும் இடம் இதுதான். பாரபட்சத்தில் "வேறு அதிகாரி இருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்" என்ற பதில் செல்லாது. கேட்கப்படும் உரிமையில் அந்தப் பதில் செல்லுபடியாகலாம்.

1980இல் எஸ்.எல். கபூர் வழக்கில், இயற்கை நீதியைக் கடைப்பிடிக்காததே ஒரு பாதிப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்புக்கொண்ட அல்லது மறுக்கமுடியாத நிகழ்வுகள் ஒரே முடிவுக்குத்தான் இட்டுச்செல்லும் என்றால் மட்டும் விலக்கு. பின்னால் வந்த தீர்ப்புகள் நிஜமான பாதிப்பைக் காட்டச் சொல்லும் பக்கம் சாய்ந்தன. 2020இல் சுதிர் குமார் சிங் வழக்கு அவற்றைத் தொகுத்தது: பாதிப்பு என்பது வெறும் அச்சமாக இருக்கக் கூடாது, உண்மையாகவோ உறுதியான அனுமானமாகவோ தெரிய வேண்டும். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு, பலர் அதைப் படிப்பதில்லை: பாதிப்பு இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டியது நீதிமன்றம், வாய்ப்பை மறுத்த அதிகாரி அல்ல.

ஆகவே "பாதிக்கப்பட்டேன்" என்று எழுதாதீர்கள். கிடைத்திருந்தால் சொல்லியிருக்கும் வாக்கியத்தை எழுதுங்கள்: "அறிக்கை ஜூன் 24 நோட்டீஸோடு வந்திருந்தால், அதிலுள்ள குவியல் எண் என் கடை மாதிரியின் எண் அல்ல என்று ஜூன் 26லேயே காட்டியிருப்பேன்." இந்த ஒரு வரி 61 சதவீதம் என்ற எண்ணையே ஆட்டம் காணச் செய்கிறது. இதற்கு மாறாக, எண் பொருந்தி, கடைக்காரரும் முளைப்புக் குறைவை ஒப்புக்கொண்டிருந்தால், ரத்து விஷயத்தில் கபூர் வழக்கின் விலக்குக்குள் விழுந்திருப்பார். 5 ஆண்டுத் தடைக்கு எதிரான வாதம் மட்டும் மிஞ்சியிருக்கும், ஏனெனில் தண்டனையின் அளவில் ஒரே முடிவுதான் சாத்தியம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆறாம் படி: மேல்முறையீடு குறையை ஆற்றுமா?

இயக்குநரின் வாதம் கேட்க நியாயமாக ஒலிக்கிறது. 1986இல் எல்.கே. ரத்னா வழக்கு அதற்குப் பதில். பட்டயக் கணக்காளர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் ஒழுங்குக் குழுவில் இருந்தவர்களே, அந்தக் குழுவின் அறிக்கையைப் பரிசீலிக்கும் ஆட்சிமன்றத்திலும் அமர்ந்தார்கள். அது பாரபட்சம் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. முதல் கட்டத்துக் குறையை மேல்முறையீட்டில் தரும் விசாரணை ஈடுசெய்யாது என்றும் சொன்னது. முதல் ஆணையே பெயரையும் பிழைப்பையும் கெடுத்துவிடுகிறது. நியாயமான முதல் விசாரணை என்ற உரிமை மேல்முறையீடு இருப்பதால் மறைவதில்லை. நம் வழக்கில் இதைப் பாரபட்சத்துக்கும் விசாரணைக் குறைக்கும் சேர்த்தே பயன்படுத்தலாம்.

மேல்முறையீட்டுக்குப் போகாமல் நேரடியாக உயர் நீதிமன்றம் வந்திருக்கலாமா என்று வினாவில் கேட்டால், 1998இன் வேர்ல்பூல் வழக்கு உதவும்: இயற்கை நீதி மீறல் மாற்று நிவாரணத் தடைக்கு விதிவிலக்குகளில் ஒன்று. ஆனால் அது நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆவணச் சர்ச்சை அதிகமுள்ள வழக்குகளில் மேல்முறையீட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள்.

ஏழாம் படி: என்ன கேட்பது, எங்கிருந்து தொடங்கச் சொல்வது

இங்கே அவசரப்பட்டு "உரிமத்தை நிரந்தரமாகத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். இயற்கை நீதி மீறல் நடைமுறைக் குறை. விதை நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் இப்போது சொல்லப்போவதில்லை. ஜூலை 9 ஆணையையும் இயக்குநர் ஆணையையும் ரத்து செய்து, குறை எந்தக் கட்டத்தில் நுழைந்ததோ அங்கிருந்து மீண்டும் தொடங்கச் சொல்லும். நோட்டீஸிலேயே குறை இருப்பதால் நம் வழக்கில் அது ஜூன் 24. அறிக்கையையும் உத்தேசத் தண்டனையையும் சேர்த்துப் புதிய நோட்டீஸ், அதை வேறொரு அதிகாரி விசாரிப்பது, ஜூன் 3 சோதனை செய்தவர் தேவைப்பட்டால் சாட்சியாக மட்டும் வருவது என்று மூன்றையும் தனித்தனியாகக் கோருங்கள். "வேறு அதிகாரி" என்ற சொல் கோரிக்கையில் இல்லையென்றால் கோப்பு பழைய மேசைக்கே திரும்பிப் போக வாய்ப்புண்டு.

ரத்து ஆணை விழுந்ததும் உரிமம் மீண்டும் உயிர்பெறும். தரமற்ற விதை விற்பனையாகும் என்ற அச்சம் துறைக்கு உண்மையில் இருந்தால், சட்டம் அனுமதிக்கும் இடைநிறுத்தத்தைத் தனி ஆணையாகப் பிறப்பிக்கலாம். அவசர இடைநிறுத்தத்துக்கு முன்விசாரணை தேவைப்படாமலும் போகலாம், ஆனால் பின்னராவது உடனடி விசாரணை உண்டு. அந்த ஆணையையும் மைத்துனர் உறவுள்ள அதிகாரி பிறப்பித்தால், மூன்றாம் படிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.